பனையின் தலையும் பாய்மரத்தின் நுனியும்: தொடுவானம் பற்றி ஒரு குறிப்பு

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எங்கள் ஊர்ப்பகுதியிலிருந்து தெற்கே இறங்கினால் பொழியூர்க் கடற்கரை. அதை ஒட்டித் தமிழ்நாட்டின் நீரோடி. 1956இல் மாநில எல்லை இவ்விரண்டுக்கும் நடுவே விழுந்தது. கரையோரச் சொற்களுக்கு அந்த எல்லை தெரியாது. மீனவர் பேச்சிலுள்ள இடச்சொற்களையும் திசைச்சொற்களையும் திரட்டிக்கொண்டிருந்த நாள்களில், கரை கண்ணைவிட்டு மறையும் தொலைவு எவ்வளவு என்று முதிய மீனவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் என் வினைச்சொல்லைத் திருத்தினார்: “கரை மறையாது மக்களே, தாழும். முதலில் மணல் தாழும், பிறகு தென்னை தாழும், கடைசியில்தான் மலை.”

மொழியியல் மாணவன் என்ற முறையில் அந்தச் சொல்லைக் குறித்துக்கொண்டேன். மலையாளத்தில் ‘தாழுக’ என்பது கீழிறங்குதலையும் நீரில் அமிழ்தலையும் குறிக்கும். தமிழில் ‘தாழ்’ முதன்மையாகக் கீழிறங்குதலே. அமிழ்வதற்கு ‘மூழ்கு’ உண்டு. எல்லைப்புறப் பேச்சில் இரு பொருளும் ஒரே சொல்லில் தங்கியிருக்கின்றன. கரை தாழ்வதைப் போலவே, கரையிலிருந்து பார்ப்பவருக்குக் கப்பலும் தாழ்கிறது. ஆங்கிலக் கடலோடிகளும் அடிப்பகுதி மறைந்து மேற்பகுதி மட்டும் தெரியும் கப்பலை ‘ஹல் டவுன்’ என்றே சொல்வர்.

பள்ளிப் பாடநூல் இந்தக் காட்சியை ஒரே வரியில் முடித்துவிடுகிறது: கப்பலின் அடி முதலில் மறைகிறது, ஆகவே பூமி உருண்டை. இந்த ‘ஆகவே’ எங்கிருந்து வருகிறது, அதை முதலில் சொன்னவர்கள் எப்படிச் சொன்னார்கள், அது எவ்வளவு தாங்கும் என்பவையே இக்குறிப்பின் பொருள். தொலைவில் ஒரு பொருள் காணாமற்போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, அது கண்ணுக்கு எட்டாத அளவு சிறிதாகிவிடுகிறது. மற்றொன்று, வேறொன்று அதை மறைக்கிறது. இவ்விரண்டையும் பிரித்துக்காட்டாதவரை கப்பல் எதையும் நிறுவாது. இந்த வாதத்தின் வரலாறே இவ்விரண்டையும் பிரித்தறிய முயன்ற வரலாறுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரிஸ்டாட்டில் பூமி கோளவடிவம் என்பதற்கு இரண்டு காட்சிச் சான்றுகள் தந்தார். சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் விளிம்பு எப்போதும் வளைந்திருக்கிறது. தெற்கே செல்லச்செல்லப் புதிய விண்மீன்கள் தோன்றி, வடக்கே இருந்தவை மறைகின்றன. அவருடைய பட்டியலில் கப்பல் இல்லை. கப்பல் வாதம் நமக்குத் தெளிவாகக் கிடைப்பது அவருக்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், ஸ்ட்ராபோவின் புவியியல் நூலில். அதே நூலில்தான் எகிப்தின் செங்கடல் துறையான மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குச் சென்றன என்ற, தமிழக வணிக வரலாற்று மாணவர் அனைவரும் அறிந்த செய்தியும் இருக்கிறது. அடுத்த சான்று மூத்த பிளினியின் ‘இயற்கை வரலாறு’, இது கி.பி. 77 அளவில் முடிந்த நூல். முசிறித் துறையையும் மிளகு வணிகத்தையும் பேசுபவரும் இவரே. கடல் வளைந்திருக்கிறது என்ற வாதத்தை எழுத்தில் வைத்தவர்கள் நம் மேலைக்கரையை அறிந்திருந்த நூலாசிரியர்கள். மிளகுக் கப்பல்களே அந்த வாதத்தைத் தந்தன என்று இதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. இரண்டும் ஒரே கடலோடிகளின் உலகத்தைச் சேர்ந்தவை என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

இவ்விருவரும் வாதத்தைச் சொன்ன விதத்தைக் கவனிக்க வேண்டும். தொலைவிலுள்ள விளக்கு கண்மட்ட உயரத்தில் இருந்தால் கடலோடிக்குத் தெரிவதில்லை. அதைவிடத் தொலைவில் இருந்தாலும் உயரத்தில் இருந்தால் தெரிகிறது. பார்ப்பவர் தாமே உயரத்துக்கு ஏறினாலும் முன்பு தெரியாதது தெரிகிறது என்கிறார் ஸ்ட்ராபோ. பிளினியோ, கப்பல் விலகிச் செல்லும்போது பாய்மர நுனியில் ஒளிரும் பொருளொன்றைக் கட்டிவைத்தால், அது சிறிது சிறிதாகக் கீழிறங்கி இறுதியில் மறைவதுபோல் தோன்றும் என்கிறார்.

இரண்டுமே நான் மேலே சொன்ன ஐயத்துக்கு விடையாக அமைகின்றன. பிளினியின் ஒளிரும் பொருள் சிறிதாவதால் எளிதில் மறையாது. இருளில் விண்மீன் ஒரு புள்ளியே ஆயினும் தெரிவதைப்போல, ஒளி போதுமானதாக இருந்தால் கண் அதைப் பிடித்துவிடும். அது கீழிறங்கி மறைகிறது என்றால் அதற்குச் சிறுமை காரணமாகாது. ஸ்ட்ராபோவின் கூற்று இன்னும் வலிமையானது. தொலைவை மாற்றாமல் கண்ணின் உயரத்தை மட்டும் மாற்றுகிறார். தொலைவு மாறாதபோது பொருளின் தோற்ற அளவும் மாறாது. ஆனால் மறைந்தது மீண்டு வருகிறது. ஆகவே நடுவே ஏதோ ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. கடலின் நடுவில் கடலைத் தவிர வேறொன்றும் இல்லை.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி ‘அல்மஜெஸ்ட்’ நூலின் தொடக்கப் பகுதியில் இதே வாதத்தைத் திருப்பிப் போட்டார். மலைகளை நோக்கிக் கப்பல் செல்கையில், முன்பு நீருக்குள் அமிழ்ந்திருந்தவை மெல்ல மேலெழுவதுபோல் மலைகள் உயர்கின்றன. நீரின் மேற்பரப்பு வளைந்திருப்பதே அதற்குக் காரணம் என்றார். பொழியூர் முதியவர் சொன்ன ‘மலைதான் கடைசியில் தாழும்’ என்பதும் இதுவும் ஒரே காட்சி. தாலமி கரைக்கு வருபவர் பக்கமிருந்து சொல்கிறார். நம் மீனவர் கரையை விட்டுச் செல்பவர் பக்கமிருந்து சொல்கிறார்.

இந்திய வானியல் நூல்களில் இவ்வாதம் எப்படி இருக்கிறது? கி.பி. 499 அளவிலான ஆரியபடீயம் பூமியை எல்லாப் பக்கமும் உருண்ட கோளம் என்கிறது. கடம்பப் பூவின் உருண்டையைச் சுற்றிலும் மலரிதழ்கள் செறிந்திருப்பதுபோலப் பூமியைச் சுற்றிலும் உயிர்கள் வாழ்வதாக உவமை சொல்கிறது. அந்நூலில் படகும் வருகிறது. ஆனால் வேறு பணிக்காக. ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையிலுள்ள பொருள்கள் பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுவதைப் போலவே, நிலையான விண்மீன்கள் மேற்கு நோக்கி நகர்வதாகத் தோன்றுகின்றன என்பதற்கான உவமை அது. பூமியின் வடிவத்துக்கு ஆரியபடர் படகை அழைக்கவில்லை.

நம் வாதத்துக்கு நெருங்கி வருபவர் 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த லல்லர். ‘சிஷ்யதீவிருத்தித தந்திரம்’ என்னும் நூலில் தவறான கொள்கைகளை மறுக்கும் பகுதியில் அவர் ஒரு கேள்வி கேட்கிறார்: பூமி தட்டையாயின், பனைபோல் நெடிது வளர்ந்த மரங்கள் மிகத் தொலைவில் இருக்கும்போது ஏன் மனிதர் கண்ணுக்குப் படுவதில்லை? பனைமரங்களுக்கு நடுவே வளர்ந்த எனக்கு இந்தக் கேள்வியை முதலில் படித்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லித் தீராது. ஆயினும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அம்மகிழ்ச்சி சற்றுக் குறைந்தது. அந்தக் கணக்கை இங்கே விரித்துக் காட்டுவது பயன்தரும்.

கணக்குக்கு வேண்டிய வடிவியல் எளிது. கண்ணிலிருந்து கடற்பரப்பைத் தொட்டுச் செல்லும் கோடு பரப்பைத் தொடும் இடமே தொடுவானம். தமிழில் இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. வடிவியலில் அது உண்மையிலேயே ஒரு தொடுகோடு. கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். காற்று ஒளிக்கதிரைச் சற்றே கீழ்நோக்கி வளைப்பதால் நடைமுறையில் தொடுவானம் சுமார் 8 விழுக்காடு தள்ளிப்போகிறது. அதனால் 3.57க்குப் பதில் 3.86 என்று கொள்வர். வர்க்கமூலம் இருப்பதால் கண்ணின் உயரம் நான்கு மடங்கானால்தான் தொடுவானம் இரு மடங்காகும். தொடுவானத்துக்கு அப்பாலுள்ள பொருளுக்கும் இதே விதிதான். அதன் உயரத்துக்குரிய தொலைவையும் நம் கண்ணுக்குரிய தொலைவையும் கூட்டினால், அது முற்றிலும் தாழும் தொலைவு வந்துவிடும்.

இப்போது லல்லரின் பனை. அதன் உயரம் 20 மீட்டர், பார்ப்பவரின் கண் தரையிலிருந்து 1.5 மீட்டர் என்று கொள்வோம். இடையே மேடும் மரமும் இல்லாத சமதளத்தில் அந்தப் பனை முழுதும் தாழ 22 கிலோமீட்டர் தேவை. ஆனால் மனிதக் கண் பொதுவாக ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு, அதாவது ஒரு கலை அளவுக்குக் குறைந்த பொருளைப் பிரித்தறியாது. 3 மீட்டர் அகலமுள்ள பனந்தலை ஏறத்தாழ 10 கிலோமீட்டரிலேயே அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். தண்டு அதற்கும் வெகு முன்பே போய்விடும். அந்த 10 கிலோமீட்டரில் பூமியின் வளைவு மறைத்திருப்பது பனையின் அடியில் 2 மீட்டருக்கும் குறைவு. எனவே தட்டைக் கொள்கையினர் லல்லருக்கு எளிதாக விடை சொல்லியிருக்கலாம்: மரம் தாழவில்லை, சிறுத்துவிட்டது. லல்லரின் முடிவு சரி; எடுத்துக்காட்டு அந்த முடிவைத் தாங்கவில்லை. 1150இல் ‘சித்தாந்த சிரோமணி’ எழுதிய இரண்டாம் பாஸ்கரர் இதன் மறுபக்கத்தைச் சொன்னார். ஒரு வட்டத்தின் சுற்றளவில் நூறில் ஒரு பங்கு நேர்கோடாகவே தோன்றும். பூமி மிகப் பெரிது, மனிதன் மிகச் சிறியவன். அதனால்தான் அவனுக்கு அது தட்டையாகப் படுகிறது. வளைவு ஏன் எளிதில் தெரிவதில்லை என்பதற்கு இது நல்ல விளக்கம்.

பனையை விட்டுவிட்டுக் கப்பலை எடுப்போம். பொழியூருக்கு வடமேற்கே விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு 2024 ஜூலை முதல் பெரிய சரக்குப்பெட்டகக் கப்பல்கள் வந்துகொண்டிருக்கின்றன; 2025 ஜூனில் வந்த எம்எஸ்சி ஐரினா ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுடையது. கணக்குக்காக ஒரு கப்பலைக் கற்பித்துக்கொள்வோம். நீர்மட்டத்திலிருந்து தளம்வரை உடற்பகுதி 15 மீட்டர். கம்பத்தின் நுனிவரை 60 மீட்டர். கரை மணலில் நிற்பவரின் கண், கடல்மட்டத்திலிருந்து 2 மீட்டர் உயரம். அவருடைய தொடுவானம் 5.5 கிலோமீட்டரில் இருக்கிறது. கப்பல் அதைக் கடந்தபின் தாழத் தொடங்கும். ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் அதன் உடற்பகுதி முழுதும் போய்விடும். 25 கிலோமீட்டரில் அடியிலிருந்து 25 மீட்டருக்குச் சற்று மேல் மறைந்து, மேலே 34 மீட்டர் எஞ்சியிருக்கும். 35 கிலோமீட்டரில் கம்பத்தின் நுனியும் தாழும்.

25 கிலோமீட்டரில் நிறுத்திப் பார்ப்போம். அங்கே 15 மீட்டர் உடற்பகுதியின் தோற்ற உயரம் 2 கலை. கண்ணின் எல்லையைவிட அது இரு மடங்கு. நீளவாக்கில் அதைவிடப் பல மடங்கு. மறைக்கும் பொருள் இல்லாவிட்டால் உடற்பகுதி சிறுமையால் மறைய 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனால் 20 கிலோமீட்டரிலேயே அது இல்லை. பனையில் சிறுமை முந்திக்கொண்டது. கப்பலில் வளைவு முந்திக்கொள்கிறது. கப்பல் நல்ல சான்றாவதும் பனை ஆகாததும் இந்த ஒரு வேறுபாட்டால்தான்.

ஸ்ட்ராபோவின் சோதனையையும் இங்கேயே செய்யலாம். விழிஞ்ஞம் கலங்கரை விளக்கத்தின் விளக்கு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 57 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் அருகே 55 மீட்டர் உயரத்தில் கண் இருப்பின் தொடுவானம் 28 கிலோமீட்டருக்கு அப்பால் போய்விடும். மணலில் நிற்பவருக்குப் பாதி தாழ்ந்த அதே 25 கிலோமீட்டர்க் கப்பல், மேலிருப்பவருக்கு அடிவரை முழுதாகத் தெரியும். கப்பல் நகரவில்லை, தோற்ற அளவும் மாறவில்லை. உயர்ந்தது கண் மட்டுமே.

இணையத்தில் அடிக்கடி பகிரப்படும் ஒரு காணொளி வாதத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும். கண்ணுக்குத் தெரியாமற்போன கப்பலைப் பெரிதாக்கும் ஒளிப்படக் கருவியால் மீட்டுக் காட்டி, ‘கப்பல் தாழவில்லை, சிறுத்தது’ என்பர். அவ்வாறு மீளும் கப்பல் பெரும்பாலும் சிறு படகு. அது இன்னும் தொடுவானத்துக்கு இப்பாலோ, சற்றே அப்பாலோ இருப்பது. சிறுத்ததைக் கருவி மீட்கும்; தாழ்ந்ததை மீட்காது. எனவே கேட்க வேண்டிய கேள்வி கப்பல் மீண்டதா என்பதன்று. உடற்பகுதியும் நீர்க்கோடும் மீண்டனவா என்பதே.

ஆனால் காற்றை எளிதாக நம்பக் கூடாது. மேலே தந்த 3.86 என்ற எண் சராசரி நிலைமைக்குரியது. கடல்நீர் குளிர்ந்தும் அதன்மேல் காற்று வெதுவெதுப்பாகவும் இருந்தால் ஒளிக்கதிர் கூடுதலாக வளைந்து, தாழ்ந்திருக்க வேண்டிய பொருள் மேலெழுந்து தெரியும். நம் கரையில் தென்மேற்குப் பருவக்காலத்தில் அடிநீர் மேலே வந்து கடற்பரப்பு குளிர்வதுண்டு. அப்போது இதற்கு வாய்ப்பு மிகுதி. மாறாக நீர் வெதுவெதுப்பாகவும் காற்று குளிர்ந்தும் இருந்தால், கப்பலின் அடிப்பகுதி வளைவு மறைக்க வேண்டிய அளவைவிட மிகுதியாக மறையும். அதன்கீழ் தலைகீழான ஒரு நிழலுருவும் தோன்றும். அது கானல். அடி மறைந்தது என்பதற்காக அதையும் பூமியின் வளைவாகக் கணக்கெழுதிவிடக் கூடாது. தலைகீழ் உருவம் இருக்கிறதா என்று பார்ப்பதும், வேறு நேரத்தில் வேறு உயரத்திலிருந்து திரும்பப் பார்ப்பதும் இவற்றைப் பிரித்தறியும் வழி. அலையும் ஏமாற்றும். கண் 2 மீட்டரிலும் அலை முகடு 1 மீட்டரிலும் இருக்கும் நாளில் மறைத்தது வளைவா அலையா என்று சொல்ல முடியாது.

இவ்வெச்சரிக்கையின் மதிப்பை 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து காட்டியது. பெட்ஃபோர்டு பகுதியின் நேரான கால்வாய் ஒன்றில் 1838இல் சாமுவேல் ரோபாத்தம் நீர்மட்டத்துக்குச் சில அங்குல உயரத்தில் கண்ணை வைத்து, ஆறு மைல் சென்ற படகு தாழவில்லை என்றார். நீரை ஒட்டிய காற்றடுக்கில்தான் ஒளி மிகுதியாக வளைகிறது என்பதை அவர் பொருட்படுத்தவில்லை. 1870இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் அதே கால்வாயில் பார்வைக் கோட்டை நீரிலிருந்து 13 அடிக்கு மேல் உயர்த்தி, இரு முனைகளுக்கும் நடுவிலும் ஒரே உயரத்தில் குறிகள் வைத்தார். நடுக்குறி மற்றவற்றைவிட மேலே தெரிந்தது. ஒரே கால்வாய்தான், கண்ணின் உயரம் மாறியதும் விடையும் மாறியது.

இனி நம் கடற்கரைக்குத் திரும்புவோம். விழிஞ்ஞம் முதல் பொழியூர் வரையுள்ள மீனவர் ‘கணிச்சம்’ என்றும், குமரிக் கரையில் ‘கணியம்’ என்றும் சொல்லும் ஒரு முறை உண்டு. கடலுக்கடியிலுள்ள பாறைத்திட்டைப் ‘பார்’ என்பர். நீருக்குமேல் எந்த அடையாளமும் இல்லாத அந்த இடத்துக்கு மீண்டும் வந்துசேர அவர்கள் கரையைப் பார்க்கிறார்கள். ஒரு தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு மலைமுகடு நேராக வந்து நிற்பது ஒரு கோடு. மற்றொரு திசையில் அதுபோல் இன்னொரு இணை. இரு கோடுகளும் வெட்டும் இடமே பார். கடலுக்குள் எவ்வளவு தொலைவு வந்திருக்கிறோம் என்பதற்கோ எது எதுவரை தாழ்ந்திருக்கிறது என்பதே அளவு.

இதையும் கணக்கில் பார்ப்போம். கட்டுமரத்தில் இருப்பவரின் கண் 1 மீட்டர் உயரத்தில் என்றால் அவரைச் சுற்றிய தொடுவானம் 4 கிலோமீட்டருக்கும் குறைவு. கரையிலிருந்து 30 கிலோமீட்டரில் கரைப் பொருள்களின் அடியிலிருந்து ஏறத்தாழ 46 மீட்டர் மறைந்திருக்கும். மணலும் தென்னையும் பெரும்பாலான கோபுரங்களும் இல்லை. ஆனால் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியமலை அங்கிருந்து சுமார் 70 கிலோமீட்டரில் இருக்கிறது என்று கொண்டால், அதன் அடியில் ஏறத்தாழ 290 மீட்டர் மட்டுமே தாழ்ந்திருக்கும். எஞ்சிய பகுதி, வானம் தெளிவாக இருப்பின், முழுநிலவின் அகலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்து நிற்கும். கோபுரம் தாழ்ந்தபின் கணிச்சத்துக்கு மலைகள் மட்டுமே உதவும். லல்லரின் பனைக்கு நேர்ந்த குறை மலைக்கு இல்லை. சிறுத்து மறையாத அளவுக்கு அது பெரிது. வடிவியல் பெயர்கள் எதுவுமின்றி, சிறுத்தலையும் தாழ்தலையும் பிரித்தறிந்து, பின்னதை மட்டும் அளவாகக் கொண்ட நடைமுறை இது. அதற்காக மீனவர் பூமியின் கோளவடிவத்தைக் ‘கண்டுபிடித்திருந்தனர்’ என்று நான் எழுதமாட்டேன். அவர்கள் கேட்ட கேள்வி பூமியின் வடிவம் என்ன என்பதன்று. இப்போது நான் எங்கே இருக்கிறேன் என்பதே. அக்கேள்விக்கு அவர்கள் பெற்ற விடை பிழையற்றது. அவர்களுடைய அறிவை மதிக்க அதுவே போதும்.

அப்படியானால் கப்பல் எதை நிறுவுகிறது? கடற்பரப்பு பார்ப்பவரைச் சுற்றிப் புறங்குவிந்து வளைந்திருக்கிறது என்பதை. எல்லாத் திசையிலும் அதே உயரத்துக்கு அதே தொலைவு வருமாயின், அவ்விடத்தில் வளைவு எல்லாத் திசையிலும் ஒன்றே என்பதையும். மூன்று புறமும் கடல் சூழ்ந்த குமரிமுனையில் இதைப் பார்க்கலாம். ஆனால் குமரியில் கண்ட வளைவு பூமி முழுமைக்கும் பொருந்தும் என்பதைக் குமரிக் கப்பல் மட்டும் சொல்லாது. வேறு கடல்களிலும் அதே எண் வர வேண்டும். கலங்கரை விளக்கங்களின் ஒளி எட்டும் தொலைவைக் கடலோடிகள் உலகெங்கும் ஒரே வாய்பாட்டால் கணக்கிட்டுப் பயன்படுத்துவது அந்த மீதிச் சான்று. அரிஸ்டாட்டிலின் விண்மீன்கள் இன்னும் பெரிய தொலைவை இணைக்கின்றன. பாறசாலையில் வடமீன் தொடுவானத்துக்கு மேல் ஏறத்தாழ 8 பாகை உயரத்தில் நிற்கிறது, சென்னையில் 13, தில்லியில் 28க்குச் சற்று மேல். வடக்கே ஏறத்தாழ 111 கிலோமீட்டருக்கு ஒரு பாகை என அது சீராக உயர்கிறது. தாலமியும் விண்மீன்களைக் கொண்டு கோளவடிவத்தை நிறுவியபின்தான், கடைசியாகக் கடலிலிருந்து எழும் மலைகளைச் சேர்த்தார். அந்த வரிசை சரியானது என்றே நினைக்கிறேன். கப்பல் தனித்து நிற்கும் சான்றன்று. மற்றவற்றோடு சேர்ந்து நிற்பது.

கடைசியாக ஒன்று. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் இக்கரையின் இருபுறத்திலும் எத்தனை வீடுகள் ஆளிழந்தன என்பது இங்குள்ளோருக்குத் தெரியும். கடலில் பரவலாகப் பயன்படும் மிகை அதிர்வெண் வானொலி அலையும் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதுதான். அதற்கும் ஒரு தொடுவானம் உண்டு. ஒளியின் தொடுவானத்தைவிடச் சற்றே அப்பால். கரையில் 30 மீட்டர்க் கோபுரமும் படகில் 4 மீட்டர் உயரத்தில் ஏற்பியும் இருந்தால், அவை நேரே பேசிக்கொள்ளும் தொலைவு ஏறத்தாழ 31 கிலோமீட்டர். ஆழ்கடலில் அதைப்போல் பல மடங்கு தொலைவில் இருந்த படகுகளுக்குப் புயல் எச்சரிக்கை போய்ச்சேரவில்லை. கவிழ்ந்த படகின்மேல் அமர்ந்திருந்தவரின் கண் 1 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கும். அவருக்கு நான்கு கிலோமீட்டருக்கு அப்பால் நீர்ப்பரப்பே தெரியாது. தம்மைப்போலவே தாழ்வாக மிதக்கும் இன்னொருவர் எட்டுக் கிலோமீட்டரில் இருந்தாலும் தெரியாது. தேடுபவர் உயரத்தில் இருக்க வேண்டும். எச்சரிக்கை வளைவைத் தாண்டிச் செல்லும் செயற்கைக்கோள் வழியே வர வேண்டும் என்று சொல்வதற்குப் பின்னாலும் இதே வர்க்கமூலம்தான் இருக்கிறது.

செயற்கைக்கோள் இடங்காட்டி வந்தபின் கணிச்சம் பார்ப்பவர் குறைந்துவருகின்றனர். எந்த மலை எதன்பின் எப்போது தாழும் என்பதற்கான பெயர்களும் தொடர்களும் அவர்களோடு போகின்றன. பூவாறு முதல் தூத்தூர் வரையுள்ள கரைப்பேச்சில் மலைகளும் கரையும் தாழ்வதையும் எழுவதையும் குறிக்கும் சொற்கள் எவருக்கேனும் நினைவிருந்தால், சொன்னவரின் ஊரையும் சேர்த்துக் கீழே எழுதுங்கள். கணக்கில் பிழை கண்டாலும் சுட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன்.